கால் கட்டையாக இருந்தால் அது தடைக்காலத்துப் பசியா?

கேள்வி: நான் 1992 இல் பிறந்தவள், அக்கா 1983. கதிரையில் இருந்தால் இரண்டு பேரும் ஒரே உயரம், எழும்பினால் அக்கா மூன்று அங்குலம் கூட. அளந்து பார்த்தேன். நின்ற உயரம் அக்கா 161.5, நான் 154. இருந்த உயரம் அக்கா 83.5, நான் 82.5 (எல்லாம் சென்ரிமீற்றர்). “நீ தடைக்காலத்துப் பிள்ளை, சாப்பாடு இல்லாமல் கால் வளரவில்லை, சீனி வருத்தமும் வரும்” என்று மாமா சொல்கிறார். இது உண்மையா?

பதில்: 1990 களில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பொருட்கள் வராமல் இருந்த தடைக்காலத்தை வைத்து உங்கள் மாமா மூன்று விஷயங்களை ஒன்றாகக் கட்டிச் சொல்லியிருக்கிறார். சின்ன வயதுக் கஷ்டம் காலைக் குறுக்கும் என்பது ஒன்று. அதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. உங்கள் கால் அதனால்தான் குறுகியது என்பது இரண்டாவது. அதை இந்த நான்கு எண்களை வைத்துச் சொல்ல முடியாது. சீனி வருத்தம் வரும் என்பது மூன்றாவது. அதில் கொஞ்சம் உண்மையும் நிறையப் பயமுறுத்தலும் இருக்கிறது. குடாநாட்டில் பிள்ளைகளின் வளர்ச்சியை அளக்கும் வேலையில் பல வருடங்கள் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பிறந்த குழந்தையின் உடம்பில் மூன்றில் இரண்டு பங்கு தலையும் முண்டமும்தான். இருந்த உயரத்தை முழு உயரத்தால் பிரித்து நூறால் பெருக்கினால் பிறக்கும்போது ஏறக்குறைய 66 வரும். மூன்று வயதில் அது 57 அளவுக்கு இறங்கியிருக்கும். பெரியபிள்ளையாகும் வயதை அண்டி 52 க்குக் கிட்ட வந்துவிடும். அதாவது பிறந்ததிலிருந்து பருவ வயது தொடங்கும்வரை முண்டத்தை விடக் கால்தான் வேகமாக நீள்கிறது. அதற்குப் பிறகு கதை மாறும். காலின் வளர்ச்சி முதலில் நிற்க, முதுகெலும்பு இன்னும் கொஞ்ச நாள் வளரும். அதனால்தான் பதின்ம வயதின் கடைசியில் அந்த எண் திரும்பச் சற்று ஏறுகிறது. இப்போது யோசித்துப் பாருங்கள். இரண்டு, மூன்று வயதில் ஒரு பிள்ளையின் வளர்ச்சி தடைப்பட்டால், அந்த நேரத்தில் எது வேகமாக ஓடிக்கொண்டிருந்ததோ அதுதான் அதிகம் இழக்கும். கால் நீளத்தைக் குழந்தைப் பருவத்தின் சாட்சியாகப் பார்ப்பதற்கு அடிப்படை இவ்வளவுதான்.

இதை முதலில் தெளிவாக எழுதியவர்களில் ஒருவர் இசபெல்லா லீச் என்ற பிரித்தானிய ஊட்டச்சத்து அறிஞர், 1951 இல். பிறகு வந்த தரவுகள் பெரும்பாலும் அவர் பக்கமே நின்றன. பிரித்தானியாவில் 1937 முதல் 1939 வரை குடும்பங்களின் சாப்பாட்டையும் பிள்ளைகளின் உடம்பையும் அளந்த ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அந்தப் பதிவுகளைப் பல பத்தாண்டுகள் கழித்துத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது, வீட்டு வசதியும் உணவும் முண்டத்தின் நீளத்தை விடக் கால் நீளத்தோடுதான் கூடுதலாகப் பொருந்தின. குவாத்தமாலாவின் மாயா மக்கள் போருக்குத் தப்பி அமெரிக்காவுக்குப் போனார்கள். அங்கே வளர்ந்த அவர்களின் பிள்ளைகளை 2000 ஆம் ஆண்டளவில் அளந்தபோது, ஊரில் இருந்த அதே வயதுப் பிள்ளைகளை விடச் சராசரியாகப் பதினொன்றரை சென்ரிமீற்றர் உயரமாக இருந்தார்கள். அதில் ஏறக்குறைய ஏழு சென்ரிமீற்றர் கால். மரபு ஒன்று, மாறியது வாழ்க்கை. யப்பானிலும் அப்படித்தான். 1957 க்கும் 1977 க்கும் இடையில் அங்கே பிள்ளைகள் உயர்ந்த அளவு கிட்டத்தட்ட முழுவதும் காலில்தான் ஏறியது.

ஏன் கால் என்று கேட்டால் இரண்டு விளக்கங்கள் சொல்வார்கள். வேகமாக வளர்வது அதிகம் இழக்கும் என்று மேலே சொன்னது ஒன்று. மற்றது, சத்துக் குறையும்போது மூளையும் ஈரலும் சிறுநீரகமும் இருக்கிற பகுதியைக் காப்பாற்ற உடம்பு காலை விட்டுக்கொடுக்கிறது என்பது. கேட்க அழகான விளக்கம், ஆனால் நிரூபணமானது என்று சொல்லமாட்டேன். முண்டம் தப்பிவிடும் என்றும் நினைக்கவேண்டாம். பிரித்தானியாவில் 1946 இல் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், 43 வயதில் கால் நீளம் தாய்ப்பாலோடும் நான்கு வயதுச் சாப்பாட்டோடும் தொடர்பு காட்டியது. முண்டத்தின் நீளமோ சிறுவயதில் வந்த கடுமையான வருத்தங்களோடு தொடர்பு காட்டியது. எங்கள் பக்கம் இந்த இரண்டும் தனித்தனியாக வந்ததில்லை. சாப்பாடு குறைந்த வீட்டில்தான் வயிற்றோட்டமும் காய்ச்சலும் கூட இருந்தன.

சரி, உங்கள் எண்களுக்கு வருவோம். அக்காவுக்கு 83.5 ஐ 161.5 ஆல் பிரித்தால் 51.7 வருகிறது. உங்களுக்கு 82.5 ஐ 154 ஆல் பிரித்தால் 53.6. நின்ற உயரத்திலிருந்து இருந்த உயரத்தைக் கழித்தால் கால் நீளம். அக்காவுக்கு 78, உங்களுக்கு 71.5. ஆக உங்களுக்கிடையே உள்ள ஏழரை சென்ரிமீற்றரில் ஆறரை காலில் இருக்கிறது. மாமா கண்ணால் பார்த்தது சரிதான். அவர் அதற்குச் சொன்ன காரணத்தில்தான் எனக்குத் தயக்கம்.

முதல் தயக்கம், சகோதரிகள் இயல்பாகவே எவ்வளவு வேறுபடுவார்கள் என்பது. ஒரே சமூகத்தில் வளர்ந்த பெண்களை எடுத்தால் இந்த விகிதம் சராசரியிலிருந்து ஏறக்குறைய 1.4 அளவுக்கு மேலேயும் கீழேயும் பரவி நிற்கும். இதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் சகோதரிகள் அந்தப் பரம்பரையில் அரைவாசியைத்தான் பகிர்கிறார்கள். இதை வைத்துக் கணக்குப் போட்டால், தடையோ இடப்பெயர்வோ இல்லாத ஊரிலும் ஆறு சகோதரிச் சோடிகளில் ஒரு சோடிக்காவது உங்களுடையது போன்ற 1.9 வித்தியாசம், அல்லது அதை விடக் கூட, இருக்கும். இது என் உத்தேசக் கணக்கு, ஏழாகவும் இருக்கலாம், ஐந்தாகவும் இருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் அபூர்வமல்ல. நீங்கள் அப்பாவின் பக்கம், அக்கா அம்மாவின் பக்கம் என்பதே போதுமான காரணமாக இருக்கக்கூடும். உங்கள் அத்தைமாரையும் சித்திமாரையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, அளந்த விதம். கதிரை என்று எழுதியிருக்கிறீர்கள். பிளாஸ்ரிக் கதிரையாக இருந்தால் அந்த அளவை விட்டுவிடுங்கள். அதன் இருக்கை பின்பக்கம் சரிவு, பாரம் ஏறினால் பதியும். 154 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்த உயரம் ஒரு சென்ரிமீற்றர் பிழைத்தால் விகிதம் 0.65 மாறும். அக்கா சற்றுக் கூனி இருந்து, நீங்கள் விறைப்பாக இருந்து, ஆளுக்கொரு சென்ரிமீற்றர் எதிர்ப்பக்கமாகப் பிழைத்திருந்தால் உங்கள் 1.9 இல் 1.3 அங்கேயே போய்விடும். கூனி இருந்தவரின் கால் கணக்கில் நீளமாக வரும் என்பதையும் கவனியுங்கள். ஏனென்றால் காலை நாங்கள் நேரே அளக்கவில்லை, கழித்துத்தான் எடுக்கிறோம்.

ஆகவே திரும்ப அளவுங்கள். தட்டையான மரப் பலகையுள்ள வாங்கையோ பலமான முக்காலியையோ சுவரோடு ஒட்டிப் போடுங்கள். மெத்தை, தலையணை ஒன்றும் வேண்டாம். பின்புறம் சுவரில் முட்டும்வரை உள்ளே தள்ளி இருக்கவேண்டும். தொடை தரைக்குச் சமாந்தரமாக இருக்கவேண்டும், பாதம் தொங்கக்கூடாது. எட்டாவிட்டால் காலுக்குக் கீழே செங்கல் வையுங்கள். கொண்டையை அவிழ்த்துவிடுங்கள். காதுத் துவாரமும் கண் குழியின் கீழ் விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி நேரே பார்த்து, மூச்சை உள்ளே இழுத்து நிமிரச் சொல்லுங்கள். அந்த நேரம் மூலைமட்டத்தையோ தடித்த அட்டைப் புத்தகத்தையோ சுவரோடு சேர்த்து உச்சியில் அழுத்தி, பென்சிலால் அடையாளம் போடுங்கள். தரையிலிருந்து அந்தக் கோடுவரை அளந்து வாங்கின் உயரத்தைக் கழித்தால் இருந்த உயரம். ஒருவருக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் எழும்பி இருந்து. மூன்றும் ஒன்றுக்கொன்று அரை சென்ரிமீற்றருக்கு மேல் வேறுபட்டால் திரும்பத் தொடங்குங்கள். இருவரையும் ஒரே நாள் காலையில் அளக்கவேண்டும். முதுகெலும்பின் தட்டுகள் அமுங்குவதால் பின்னேரத்தில் மனிதர் ஒரு சென்ரிமீற்றர் வரை குறைவார்கள், அந்தக் குறைவு கிட்டத்தட்ட முழுவதும் இருந்த உயரத்தில்தான் விழும்.

நன்றாக அளந்தாலும் ஒன்று பாக்கி இருக்கிறது. நாங்கள் இருப்பது எலும்பில் மட்டுமல்ல, சதையிலும் கொழுப்பிலும்தான். உங்கள் நிறை அக்காவை விடக் கூடவென்றால் அந்தத் தடிப்பு உங்களை மேலே தூக்கும், விகிதமும் ஏறும். எலும்பு மாறாமலே கால் கட்டையானது போலக் காட்டும். வளர்ந்தவர்களில் இந்த அளவை நம்பி எழுதிய சில ஆய்வுகளையே இது குழப்பியிருக்கிறது. அம்மாவையும் அம்மம்மாவையும் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவேண்டாம், அதற்குக் காரணம் வேறு. வயது போகப் போக முதுகெலும்பு குறுகும், அம்மம்மா உங்களை விடக் கால் நீண்டவராகத் தெரிவார்.

மூன்றாவதை நீங்கள் எழுதவே இல்லை, ஆனால் பெண்களில் நான் முதலில் கேட்பது அதைத்தான். யார் எந்த வயதில் பெரியபிள்ளை ஆனீர்கள்? பெண்களில் கால் எலும்பின் வளர்ச்சித் தட்டை மூடுவது ஈஸ்திரோஜன். ஒரு பிள்ளை பதினொரு வயதில் சாமத்தியப்பட்டு இன்னொரு பிள்ளை பதினாலில் சாமத்தியப்பட்டால், இரண்டாமவளின் காலுக்கு வளரக் கூடுதல் காலம் கிடைக்கிறது. அதனால் முந்தி ஆனவர்களுக்குக் கால் சற்றுக் குறுகியிருப்பது பல நாடுகளில் கண்டது. இதில் எங்கள் ஊருக்கு ஒரு வசதி இருக்கிறது. வேறு இடங்களில் நாற்பது வயதுப் பெண்ணிடம் இதைக் கேட்டால் உத்தேசமாகத்தான் சொல்வார். இங்கே சாமத்திய வீட்டு அல்பத்தில் திகதியே இருக்கும். அல்பம் இடப்பெயர்வில் போயிருந்தால் தண்ணி வார்த்த மாமியைக் கேளுங்கள்.

இது மாமாவின் காரணத்தை எவ்வளவு சிக்கலாக்குகிறது பாருங்கள். மூன்று வயதுப் பசி காலைக் குறைக்கும். அதே பசி பன்னிரண்டு வயதுவரை நீண்டால் பெரியபிள்ளையாவதைப் பிந்தவைத்துக் காலுக்குக் கூடுதல் நாள் கொடுக்கும். ஒரு கஷ்டமே இரண்டு பக்கமும் இழுக்கிறது. கடைசியில் கையில் கிடைக்கும் ஒரு எண்ணை வைத்து எந்தப் பக்கம் எவ்வளவு இழுத்தது என்று பிரிக்க முடியாது. நடுவில் நல்ல காலம் வந்தால் பிள்ளை ஓரளவு ஈடுகட்டி வளரவும் செய்யும். அப்படியென்றால் அடையாளமே மறைந்து போகலாம்.

காலத்தையும் ஒருமுறை பொருத்திப் பார்க்கவேண்டும். தடை 1990 இன் நடுவிலிருந்து இறுகியது. எரிபொருள், உரம், சீமெந்து, பற்றரி வராது, மருந்தும் உணவும் மட்டுமட்டு. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு எழும்பியது. அப்போது உங்களுக்கு மூன்று வயது. 1996 நடுப்பகுதிக்குள் பெரும்பாலானோர் திரும்பிவந்தார்கள், சிலர் வன்னிக்குப் போனார்கள், அங்கே மலேரியா. கால் வேகமாக வளரும் உங்கள் வயதும் இந்தக் காலமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன என்பது உண்மை. மாமாவின் பேச்சுக்கு உள்ள பலம் இதுதான். ஆனால் அக்காவின் காலம் ஒன்றும் தேன் அல்ல. 1987 ஒக்ரோபரில் இந்திய இராணுவம் யாழ்ப்பாண நகரைப் பிடிக்க வந்தபோது அவருக்கு நான்கு வயது. அதோடு தடைக்காலத்தில் எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கவில்லை. தோட்டமும் ஆடும் முருங்கையும் இருந்த வீட்டுப் பிள்ளையும், கூலிக்குப் போன வீட்டுப் பிள்ளையும், கடலுக்குப் போகத் தடைப்பட்ட கரையோர வீட்டுப் பிள்ளையும் ஒரே பசியைக் காணவில்லை. உங்கள் வீடு எது என்று மாமாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

உண்மையில் அறிய ஆசை என்றால் காலை விட நல்ல சாட்சிகள் இருக்கின்றன. முதலாவது கிளினிக் கார்ட். உறுதிக் கட்டோடு அதையும் பையில் போட்டுக்கொண்டு ஓடிய அம்மாமார் பலர். அதில் பெரும்பாலும் நிறைதான் இருக்கும், நீளம் அபூர்வம். பரவாயில்லை. கோடு எந்த மாதத்தில் தட்டையாகிறது, எப்போது கீழே இறங்குகிறது, பிறகு ஏறுகிறதா என்று பார்க்கலாம். இரண்டு வயதில் நீளம் எழுதியிருந்தால் அது பெரிய அதிர்ஷ்டம். உலக சுகாதார நிறுவனத்தின் 2006 அளவுகோலில் அந்த வயதுப் பெண்பிள்ளைக்கு நடு அளவு ஏறக்குறைய 86, 80 க்குக் கீழே போனால் வளர்ச்சி குன்றியது என்பார்கள். அந்த ஒரு எண் உங்கள் இன்றைய காலை விடக் கூடச் சொல்லும். கார்ட் இல்லையென்றால் அம்மாவிடம் எத்தனை மாதம் பால் தந்தார், எப்போது நடந்தீர்கள், என்ன வருத்தம் வந்து ஆசுபத்திரியில் வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள். மூன்றாவது சாட்சி பல். முன்வாய்ப் பற்களிலும் வேட்டைப் பற்களிலும் குறுக்கே கோடுபோல் பள்ளம் இருந்தால், அந்த மிளிரி உருவான நேரத்தில், ஏறக்குறைய ஒன்று முதல் ஆறு வயதுக்குள், உடம்பு ஒரு கடுமையான இடரைக் கண்டிருக்கிறது. தண்ணீரின் புளோரைட்டால் வரும் வெள்ளை, மண்ணிறத் திட்டு வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பல் வைத்தியர் வேண்டும்.

இவ்வளவு குறை சொன்னேன் என்று இந்த அளவு பிரயோசனமற்றது என்று எடுக்கவேண்டாம். ஒருவரிடம் அது ஊமை, கூட்டத்திடம் பேசும். ஒரே கிராமங்களில் 1980 களின் தொடக்கத்தில் பிறந்த 200 பெண்களையும் 1990 களின் தொடக்கத்தில் பிறந்த 200 பெண்களையும் ஒழுங்காக அளந்தால், சராசரியில் 0.5 வித்தியாசம் இருந்தாற்கூடத் தெளிவாகத் தெரியும். சகோதரிக்குச் சகோதரி உள்ள ஏற்ற இறக்கம் அந்தக் கூட்டத்தில் ஒன்றையொன்று கழித்துவிடும். அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. வசதியிருந்தவர்கள் பாஸ் எடுத்துக் கொழும்புக்கும் பிறகு கனடாவுக்கும் போய்விட்டார்கள். இங்கே மிஞ்சியவர்களை மட்டும் அளந்தால் கட்டைக் கால் தடையால் வந்ததா, நல்லாகச் சாப்பிட்டவர்கள் ஊரைவிட்டுப் போனதால் வந்ததா என்று தெரியாது. ஐரோப்பியர்களுக்கான அட்டவணையை எடுத்து எங்களை அதில் வைத்துப் பார்ப்பதும் சரிவராது. சராசரி விகிதமே மக்களுக்கு மக்கள் வேறு. அவுஸ்திரேலியப் பழங்குடிகளுக்கு 48 அளவு, கிழக்காசியர்களுக்கு 53, 54. அவர்களில் ஒருவர் பசியில் வளர்ந்தார், மற்றவர் சாப்பிட்டு வளர்ந்தார் என்று அதற்குப் பொருளில்லை. அந்த வகையில் நீங்கள் அக்காவோடு ஒப்பிட்டது புத்திசாலித்தனம்.

53.6 என்பது நோயைக் காட்டும் எண்ணும் அல்ல. 56, 57 என்று போயிருந்தால், அல்லது முழங்கால் வளைந்தோ முன்கை குறுகியோ இருந்திருந்தால், எலும்பு வளர்ச்சிக் கோளாறு ஏதுமா என்று பார்க்கச் சொல்லியிருப்பேன்.

கடைசியாகச் சீனி வருத்தம். பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகளில் கால் குறுகியவர்களிடையே சலரோகமும் இருதய நோயும் சற்றுக் கூடுதலாகக் கண்டிருக்கிறார்கள். அந்தத் தொடர்பு இருக்கிறது. ஆனால் அது பலரைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரியும் சிறிய சாய்வு. காலைக் குறைத்த அதே சிறுவயதுக் கஷ்டம் வேறு வழியால் நோயையும் கொண்டுவந்திருக்கலாம், இடுப்புக் கொழுப்பு கால் அளவைக் குறைத்துக் காட்டியதாலும் தொடர்பு பெருத்துத் தெரிந்திருக்கலாம். உங்களைப் பொறுத்தவரை ஆறரை சென்ரிமீற்றர் குறைந்த காலை விட, இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரைத் தாண்டுகிறதா, அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சலரோகம் இருக்கிறதா, பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது சீனி கூடியதா என்ற மூன்றும்தான் கூடுதலாகச் சொல்லும். எங்கள் ஆட்களுக்கு முப்பதுகளிலேயே சீனி ஏறுவது சாதாரணம். ஆகவே வெறுவயிற்றில் ஒருமுறை இரத்தத்தில் சீனி பாருங்கள், அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். மாமா இன்னும் பார்க்கவில்லையென்றால் அவரையும்தான்.